நாயோடு குடிவர அனுமதி: ஹவுஸ் ஓனரிடம் எப்படிக் கேட்பது?

சென்னையில் வாடகை வீடு தேடி போன் போட்டால் முதலில் வரும் கேள்விகள் எல்லோருக்கும் மனப்பாடம். எத்தனை பேர், எங்கே வேலை, வெஜ்ஜா நான்-வெஜ்ஜா. நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்லிவிட்டு, அடுத்து வரப்போகும் கேள்விக்காகத்தான் காத்திருப்பார்கள். "பெட்ஸ் ஏதாவது இருக்கா சார்?" ஆமாம் என்றதும் எதிர்முனையில் குரல் மாறும். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போனை வைப்பவர் திரும்ப அழைப்பது அபூர்வம்.

இதற்குப் பயந்து பலர் "இல்லை" என்று சொல்லிக் குடியேறிவிட்டு, ஒரு வாரம் கழித்து இரவோடு இரவாகக் கூடையில் பூனையைக் கொண்டுவருகிறார்கள். பூனை என்றால் சில மாதம் தெரியாமல் போகலாம். நாய் என்றால் முதல் குரைப்பிலேயே தெரிந்துவிடும். அப்போது ஓனருக்கு நாயின் மீது வரும் கோபத்தைவிட, பொய் சொன்ன ஆளின் மீது வரும் கோபம்தான் அதிகம். அதற்குப் பிறகு என்ன உறுதி கொடுத்தாலும் எடுபடாது. ஆகவே கேட்டுவிட்டுப் போவதுதான் ஒரே வழி. எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் இரண்டு தரப்பு உண்டு: குடியிருப்போர் சங்கம், வீட்டின் சொந்தக்காரர். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்று சங்கம் தடை போட முடியாது. பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானம் போட்டாலும் அது செல்லாது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. இதைத் தெரிந்துவைத்திருக்கும் பலர், அதே சுற்றறிக்கையை ஹவுஸ் ஓனரிடமும் நீட்டுகிறார்கள். அது அங்கே உதவாது. சங்கத்துக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள உறவு வேறு, ஓனருக்கும் வாடகைதாரருக்கும் உள்ள ஒப்பந்தம் வேறு. தன் வீட்டை யாருக்கு, எந்த நிபந்தனையோடு விடுவது என்பதை ஓனர் தீர்மானிக்கலாம். "செல்லப்பிராணிகள் கூடாது" என்ற வரி உள்ள அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். ஓனரிடம் கேட்பது உரிமைக் கோரிக்கை அல்ல, சம்மதம் பெறுகிற பேச்சு. அந்த நினைப்போடு போனால்தான் பேச்சு சரியாக ஆரம்பிக்கும்.

சம்மதம் கேட்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒரே வாக்கியம்: "நாங்க ரொம்பச் சுத்தமா வச்சிப்போம் மேடம், எங்க டாமி குழந்தை மாதிரி." இதை நம்ப ஓனருக்கு எந்தக் காரணமும் இல்லை. இதற்கு முன் குடியிருந்தவரும் இதையேதான் சொல்லியிருப்பார். ஓனரின் மனதில் இருப்பது பொதுவான 'அசுத்தம்' அல்ல. பேச்சுக் கொடுத்துக் கேட்டால், குறிப்பான சில பயங்கள் வெளியே வரும். போகாத மூத்திர வாடை, சுவரில் ஏறும் உண்ணி, கதவின் அடியில் கீறல், கிழிந்த கொசுவலை, பக்கத்து வீட்டுக்காரரின் புகார். ஒவ்வொரு பயத்துக்கும் தனித்தனியாக, சரிபார்க்கக்கூடிய பதில் கொடுக்கிறவருக்குத்தான் சாவி கிடைக்கிறது. இவற்றில் வாடையும் உண்ணியும்தான் பெரியவை. இரண்டையும் பற்றி ஓனர்களுக்கு இருக்கும் பயம் நியாயமானது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

வாடையிலிருந்து தொடங்குவோம். சென்னை வீடுகளில் இப்போது பெரும்பாலும் விட்ரிஃபைட் டைல்ஸ். டைல்ஸின் மேல்பரப்பு சிறுநீரை உறிஞ்சாது, துடைத்தால் போய்விடும். இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கும் சிமென்ட் கோடு உறிஞ்சும். கதவு நிலையின் அடிப்பாகம், மர அலமாரியின் கால், சுவரின் கீழ்ப்பகுதிச் சுண்ணாம்பு ஆகியவையும் உறிஞ்சும். பழைய வீடுகளில் மொசைக் தரை, பாலிஷ் போன இடங்களில் இன்னும் மோசமாக உறிஞ்சும். சிறுநீரில் இருக்கும் யூரிக் அமிலம் காய்ந்து படிகமாகிவிடுகிறது. அது தண்ணீரில் எளிதில் கரையாது. சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மற்றதெல்லாம் போய்விடும், படிகம் மட்டும் கோட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். ஆடி முடிந்து மழைக்காலம் வந்து காற்றில் ஈரம் ஏறியதும் அது மறுபடி வாடை வீச ஆரம்பிக்கும். "காலி பண்ணி மூணு மாசம் ஆச்சு, இன்னும் நாத்தம் போகல" என்று ஓனர்கள் சொல்வது மிகைப்படுத்தல் அல்ல.

இதற்குப் பலரும் எடுப்பது பினாயில். அது தவறான தேர்வு. பினாயில் தன் வாசனையால் வாடையை மறைக்கும், படிகத்தைச் சிதைக்காது. அத்துடன் பினாயில் வகைப் பொருட்கள் பூனைக்கு விஷம். அவற்றைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். அமோனியா கலந்த கிளீனரும் உதவாது, அதன் வாடையே சிறுநீரை ஒத்திருப்பதால் விலங்கு அதே இடத்துக்குத் திரும்ப வரும். வேலை செய்வது நொதி கலந்த கிளீனர், கடைகளில் 'என்சைம் கிளீனர்' என்று கேட்க வேண்டும். ஈரத்தை முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, இந்தத் திரவத்தைக் கோட்டுக்குள் இறங்கும்படி ஊற்றி, புட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட வேண்டும். உடனே துடைத்தால் பலன் இல்லை, நொதிக்கு வேலை செய்ய நேரம் வேண்டும்.

வேலை நடந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. புற ஊதா ஒளி வீசும் சின்ன டார்ச் ஆன்லைனில் கிடைக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தரையிலும் சுவரின் அடியிலும் அடித்துப் பார்த்தால், பழைய சிறுநீர்க் கறை மஞ்சள் பச்சையாக ஒளிரும். சில சோப்புக் கறைகளும் ஒளிரும் என்பதால், ஒளிரும் இடத்தில் குனிந்து முகர்ந்தும் பார்க்க வேண்டும். "காலி செய்யும்போது இந்த டார்ச்சோடு நாமே சேர்ந்து பார்ப்போம்" என்று ஓனரிடம் சொல்லிப் பாருங்கள். சுத்தமாக வைப்போம் என்று பத்து முறை சொல்வதைவிட இந்த ஒரு வாக்கியத்துக்கு எடை அதிகம்.

ஆண் பிராணிகளின் விஷயத்தில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். கருத்தடை செய்யாத ஆண் பூனை, எல்லையைக் குறிக்கச் சுவரின் மீது நின்றவாக்கில் பீய்ச்சும். அந்த வாடை மற்றதைவிடப் பல மடங்கு கடுமை. ஆண் நாயும் கால் தூக்கிக் கதவு நிலையைக் குறிக்கும். உரிய வயதில் கருத்தடை செய்தால் பெரும்பாலான பூனைகளில் இந்தப் பழக்கம் வராது, வந்திருந்தாலும் மிகவும் குறையும். ஆகவே கருத்தடைச் சான்றிதழ் மருத்துவக் காகிதம் மட்டுமல்ல, ஓனரின் சுவருக்கான உத்தரவாதமும்கூட. கடிதத்தோடு அதன் நகலை வையுங்கள்.

உண்ணி பற்றிப் பேசும்போது வளர்ப்பவர்கள் பலர் "எங்க நாய்க்கு உண்ணியே இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். ஓனர் பயப்படுவது நாயின் உடம்பில் இருக்கும் உண்ணியைப் பற்றி அல்ல, தன் சுவருக்குள் போகும் உண்ணியைப் பற்றி. நம் ஊர் நாய்களில் காணப்படும் பழுப்பு நாய் உண்ணி, வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழக்கூடியது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிடமிருந்து கீழே விழும். விழுந்ததும் மேல்நோக்கி ஊர்ந்து, சுவர் வெடிப்பு, ஸ்கர்ட்டிங் டைல்ஸின் பின்புறம், ஜன்னல் சட்டம், மாட்டிய படத்தின் பின்பக்கம் என்று ஏதாவது ஒரு இடுக்கில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். வெளிவரும் குஞ்சுகள் மிளகின் பொடியைவிடச் சின்னவை. வளர்ந்த உண்ணி இரை இல்லாமலும் பல மாதம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் நாய் போன பிறகு, அடுத்துக் குடிவந்த குடும்பத்தின் தலையணை ஓரத்தில் உண்ணி ஊர்கிறது. தரையை எவ்வளவு துடைத்தாலும் இதற்குத் தீர்வு இல்லை, ஏனென்றால் முட்டை தரையில் இல்லை.

தீர்வு நாயிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கால்நடை மருத்துவர் எழுதித் தரும் உண்ணித் தடுப்பு மாத்திரைகளில் சில ஒரு மாதமும் சில ஏறக்குறைய மூன்று மாதமும் வேலை செய்யும். கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் உண்டு. தேதி தவறாமல் கொடுத்துவந்தால், நாயின் மேல் ஏறும் உண்ணி முட்டையிடும் நிலைக்கு வருவதற்குள் செத்துவிடும். வீட்டுக்குள் இனப்பெருக்கம் நடப்பது அங்கே நிற்கிறது. மாத்திரை கொடுத்த தேதிகள் தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தின் நகல்தான் ஓனருக்குக் கொடுக்க வேண்டிய ஆதாரம். இரவில் சுவரின் மேல்மூலையிலோ ஜன்னல் ஓரத்திலோ ஒரு உண்ணி தென்பட்டால் அது ஒன்று மட்டும்தான் என்று நினைக்காமல், பூச்சிமருந்து அடிப்பவரைக் கூப்பிட்டு இடுக்குகளில் அடிக்கச் சொல்ல வேண்டும். முட்டை தப்பிப் பிழைக்கும் என்பதால் சில வாரம் கழித்து இரண்டாவது முறையும் அடிக்க வேண்டும். இந்தச் செலவு தன்னுடையது என்று வாடகைதாரர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் ஓனரின் பெரிய கவலை ஒன்று குறைந்துவிடுகிறது.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. "குரைக்கவே குரைக்காது" என்று யாரும் எழுதிக் கொடுக்கக் கூடாது. அது நடக்காத வாக்குறுதி, முதல் நாளே உடையும். இருவரும் வேலைக்குப் போன பிறகு நாய் தனியாக எவ்வளவு நேரம் இருக்கும், அப்போது என்ன ஏற்பாடு என்பதைச் சொன்னால் போதும். தனியாக விட்டதும் ஊளையிடும் நாயா என்பதை அறிய, பழைய வீட்டிலேயே ஒருநாள் போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு வெளியே போய் வரலாம். ஊளையிடுகிறது என்று தெரிந்தால், அதைப் பழக்கிச் சரிசெய்யாமல் கீழ்வீட்டில் ஓனர் குடியிருக்கும் வீட்டைத் தேடாமல் இருப்பதே நல்லது.

இனி பணத்துக்கு வருவோம். கூடுதல் அட்வான்ஸ் தருகிறேன் என்பது நல்ல ஆயுதம்தான், ஆனால் பலர் அதைத் தவறாகப் பிடிக்கிறார்கள். "எக்ஸ்ட்ரா ஒரு மாச வாடகை தர்றேன் சார்" என்று மொத்தமாகச் சொன்னால், அது அனுமதிக்குக் கொடுக்கும் விலையாக மாறிவிடுகிறது. எதற்காக அந்தப் பணம் என்று இருவருக்குமே தெரியாது. காலி செய்யும் நாளில் ஓனர் அதைத் திருப்பித் தர வேண்டிய பணமாக நினைக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், அதாவது 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் இருவரும் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தால் அதற்கு விலக்கு உண்டு. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, மூன்று மாத அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்தவர் பிராணிக்காக மேலும் கொடுப்பதாக இருந்தால், அது ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்பட்டே ஆக வேண்டும். வாய்வார்த்தையாகக் கையில் கொடுக்கும் பணத்துக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. எல்லா ஊரிலும் இப்படிக் கூடுதல் பணம் கொடுக்க முடியும் என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் வழக்கமான வாடகை வீடுகளுக்கு டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிவிட்டது. லண்டனில் வீடு தேடும் நம்மவர்கள் அதற்கு மேல் நாய்க்கென்று தனி டெபாசிட் தர முன்வந்தாலும் ஓனர் வாங்க முடியாது.

தொகையை எப்படி முடிவு செய்வது? ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மடிப்பாக்கத்தில் மாடிவீடு, இரண்டு படுக்கையறை, வாடகை 18,000 ரூபாய். கீழே ஓனர் குடும்பம். மூன்று மாத அட்வான்ஸ் 54,000. வருகிறவர்களிடம் கருத்தடை செய்த மூன்று வயதுப் பெண் நாட்டுநாய் ஒன்று இருக்கிறது. நாயால் அந்த வீட்டில் கெட்டுப்போகக் கூடியவை எவை என்று அறை அறையாக நடந்து பார்த்து எழுதுகிறார்கள். படுக்கையறைக் கதவுகளின் அடிப்பாகம், பால்கனிப் பக்கத்து இரண்டு கொசுவலை, ஹாலின் கீழ்ச்சுவர், பூச்சிமருந்து இரண்டு முறை. பக்கத்துத் தச்சரிடமும் வலை அடிப்பவரிடமும் விலை கேட்டு, எல்லாம் ஒருசேரக் கெட்டாலும் ஆகும் செலவு 12,000 என்று கணக்கு வருகிறது. அந்த 12,000-ஐத்தான் கூடுதல் அட்வான்ஸாகத் தருகிறார்கள். கணக்குத் தாளையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். இப்போது ஓனரின் கையில் இருப்பது யாரோ இரக்கப்பட்டுச் சொன்ன தொகை அல்ல. தன் வீட்டை நேராகப் பார்த்துப் போட்ட கணக்கு.

இன்னொரு இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். சென்னையில் காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த ஷரத்து அக்ரிமென்ட்டில் இருந்தால், ஹாலின் கீழ்ச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் செலவைக் கூடுதல் அட்வான்ஸிலும் சேர்க்கக் கூடாது. ஒரே சுவருக்கு இரண்டு தடவை பணம் போய்விடும். "திரும்பத் தராத பெட் சார்ஜ்" என்று யாராவது கேட்டால் என் பரிந்துரை, மறுத்துவிட்டுத் திரும்பத் தரக்கூடிய தொகையைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுப்பது. சேதமே செய்யாத நாய்க்கு அபராதம் கட்டுவதில் நியாயம் இல்லை. தன் பணம் திரும்பி வரும் என்று தெரிந்தால்தான் வாடகைதாரருக்கும் கதவைப் பார்த்துக்கொள்ள அக்கறை இருக்கும்.

மடிப்பாக்கம் குடும்பம் எழுதும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய அம்மா, உங்கள் மாடிவீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் ஒரு விஷயத்துக்கு உங்கள் சம்மதம் வேண்டும். எங்களிடம் ரோஸி என்ற மூன்று வயதுப் பெண் நாய் இருக்கிறது. எடை 14 கிலோ, கருத்தடை ஆகிவிட்டது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி, உண்ணி மாத்திரை போட்ட விவரங்களின் நகலும் மாநகராட்சி உரிமத்தின் நகலும் இணைத்துள்ளோம்.

காலை ஆறரைக்கும் இரவு ஒன்பதுக்கும் வெளியே அழைத்துப் போவோம். கழுத்துப்பட்டை, கயிறு இல்லாமல் படியில் இறக்க மாட்டோம். உங்கள் கோலம் போடும் இடத்திலும் செடிகள் பக்கமும் விட மாட்டோம். தெருவில் மலம் கழித்தால் பையில் எடுத்துவிடுவோம். மொட்டைமாடியில் நாயைக் கட்டவோ குளிப்பாட்டவோ மாட்டோம். குளியலறைச் சாக்கடை வாயில் முடி பிடிக்கும் சல்லடை போட்டுக்கொள்வோம். பகலில் எங்களில் ஒருவர் வீட்டிலிருந்து வேலை செய்வதால் நாய் தனியாக இருப்பது குறைவு.

நாயால் ஏற்படும் சேதத்துக்காக, வழக்கமான முன்பணத்துக்கு மேல் 12,000 ரூபாய் தருகிறோம். கதவு, கொசுவலை, கீழ்ச்சுவர், பூச்சிமருந்து ஆகியவற்றுக்கு மட்டும் இதிலிருந்து கழிக்கலாம். ரசீது பார்த்துக் கழித்தது போக மீதியை மற்ற முன்பணத்தோடு திருப்பித் தர வேண்டும். முதல் மூன்று மாதம் முடிந்ததும் ஒருமுறை வந்து வீட்டைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். குறை இருந்தால் பதினைந்து நாளில் எங்கள் செலவில் சரிசெய்வோம்."

இந்தக் கடிதத்தில் பாராட்டு வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ரோஸி அன்பானவள், புத்திசாலி என்றெல்லாம் சொல்லவில்லை. ஓனர் தானே சரிபார்க்க முடியாத எதையும் எழுதவில்லை. கோலம் போடும் இடம் என்ற ஒரு வரி அந்த வீட்டுக்கே உரியது. கீழே குடியிருக்கும் அம்மாவுக்கு வாசல் எவ்வளவு முக்கியம் என்பதை வீடு பார்க்க வந்தபோதே கவனித்திருக்கிறார்கள் என்று அது காட்டும். வேறு வீட்டுக்கு அந்த இடத்தில் துளசிமாடமோ, கிணற்றடியோ, காரை நிறுத்தும் இடமோ வரும்.

உரிமம் பற்றிச் சொன்னேன். பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் கட்டாயம். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், ஆண்டுக்கு 50 ரூபாய் கட்டணம், தடுப்பூசிச் சான்று வேண்டும். தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பையும் 2025-இல் மாநகராட்சி கட்டாயமாக்கியது. உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம். உரிமம் இல்லாமல் ஓனரிடம் போய் நிற்பவர், மற்ற வாக்குறுதிகளையும் காப்பாற்றுவார் என்று அவர் ஏன் நம்ப வேண்டும்?

எப்போது கேட்பது என்பதில் என் அபிப்பிராயம் இது. முதல் போனிலேயே ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். அத்தோடு தொடர்பு அறுந்தால் இருவருக்கும் ஒரு அலைச்சல் மிச்சம். "வந்து பாருங்க" என்று சொன்னால் வீடு பார்க்கும்போது கடிதத்தைக் கையில் கொடுக்க வேண்டும், டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால். புரோக்கர்கள் "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சார்" என்பார்கள். அவர் தன் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார், பேச வேண்டியது நீங்கள்தான். ஓனர் தயங்கினால், முடிவு சொல்லும் முன் நாயை ஒருமுறை பார்க்கும்படி கேளுங்கள். நல்ல நீண்ட நடை நடத்தி, சோர்ந்திருக்கும் நேரத்தில் கூட்டிப்போவது உத்தமம். பழைய வீட்டு ஓனரின் போன் நம்பரை அவர் அனுமதியோடு கொடுத்தால் அதைவிட வலுவான சாட்சி கிடையாது. ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்குப் புதிதாக ஒரு குட்டியைக் கொண்டுவர நினைப்பவர்களும் இதே முறையில், குட்டி வருவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் சிலர் மறுப்பார்கள். வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருக்கலாம், மடி ஆசாரம் பார்க்கும் மூத்தவர்கள் இருக்கலாம், நாய் கடித்த பழைய பயம் இருக்கலாம். அங்கே வாதாடி வாங்கிய சம்மதம் நிலைக்காது, நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீடு பார்ப்பதே நல்லது. ஓனர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மறைக்காமல் காகிதத்தோடு வந்து நிற்பவரை நீங்கள் போனிலேயே துரத்தினால், அடுத்து வருபவர் மறைத்துக்கொண்டு வருவார். அவருடைய நாய்க்கு உண்ணி மாத்திரை கொடுத்தார்களா என்பதை நீங்கள் கேட்கவே முடியாது.

சம்மதம் கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை. பேசியதெல்லாம் அக்ரிமென்ட்டுக்குள் வர வேண்டும். எந்தப் பிராணி, எத்தனை, கூடுதல் தொகை எவ்வளவு, எதற்கெல்லாம் கழிக்கலாம் என்பது தனி ஷரத்தாக இருக்க வேண்டும். பழைய படிவத்தில் "செல்லப்பிராணி கூடாது" என்ற வரி அச்சாகியிருந்தால் அதை அடித்துவிட்டு இருவரும் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். சாமான் இறக்குவதற்கு முன், காலி வீட்டில் கதவுகளின் அடிப்பாகத்தையும் கொசுவலைகளையும் குனிந்து, கிட்டத்தில் போட்டோ எடுத்து, அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு இரண்டு பேரிடமும் இருக்கும். ஏற்கெனவே இருந்த கீறல் எது, ரோஸி போட்ட கீறல் எது என்ற சண்டை இதனால்தான் தீரும்.

மடிப்பாக்கம் குடும்பம் இரண்டு வருடம் கழித்துக் காலி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாமான்கள் போன பிறகு இரவில் டார்ச்சோடு இருவரும் அறைகளைப் பார்க்கிறார்கள், வாடை எங்கும் இல்லை. ஒரு கொசுவலை கிழிந்திருக்கிறது, ஒரு கதவின் அடியில் போட்டோவில் இல்லாத கீறல்கள். வலைக்கும் பாலிஷுக்கும் 3,500 ரூபாய் ரசீது. மீதி 8,500, அட்வான்ஸோடு திரும்ப வர வேண்டும். அது ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது வாடகை ஒப்பந்தத்தின் பதிவு எண். ஆகவே அக்ரிமென்ட் போட்ட கையோடு அதை ஆன்லைனில் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள்.